லிஸ்டிங்ல ஒரு கிரேடு, ஸ்லாப்ல ஒரு கிரேடு: ரீஃபண்ட் கேட்டு செல்லருக்கு லெட்டர் எழுதறது எப்பிடி (முழு வழிகாட்டி)

போக்கிமான் மாதிரி கலெக்‌ஷன் கார்டு வாங்கி ஏமாந்தவங்க எழுதற மெசேஜ் முக்காவாசி ஒரே மாதிரித்தான் இருக்கும். "அண்ணா இது சரியில்லீங்க, நான் நெனச்ச மாதிரி கார்டு இல்ல, மனசுக்கு கஷ்டமா இருக்கு, பாத்து பண்ணுங்க". இதுக்கு செல்லர் என்ன சொல்லுவாரு, "நல்லாத்தானே இருக்குது தம்பி, போட்டோல பாத்துட்டுத்தானே வாங்கினீங்க" அப்பிடின்னு ஒரு வரில முடிச்சுருவாரு, அதோட பேச்சு கார்டு அழகா இருக்குதா இல்லையாங்கற பக்கம் போயிரும், அந்தப் பக்கம் போச்சுன்னா வாங்கினவருக்கு ஜெயிக்கவே வழி இல்ல. ரீஃபண்ட் லெட்டர்ல பேச வேண்டியது ஒரே விசயந்தான்: நீங்க விக்கறப்ப எழுதின வரி இது, வந்த லேபிள்ல இருக்கற வரி இது, ரெண்டும் வேற. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி தானுங்க.

இந்த கைடுல ஒரே ஒரு கேஸ எடுத்துக்கறேன், ஏன்னா நெறைய பேரு மாட்டறதும் இதுலதான், சரியா எழுதத் தெரியாம விட்டுக்குடுக்கறதும் இதுலதான். பிஎஸ்ஏங்கறது கார்டோட தரத்தப் பாத்து 10க்கு இத்தனைன்னு கிரேடு போடற கம்பெனி, அவங்க கார்ட வெச்சு மூடி கிரேடு லேபிளோட குடுக்கற பிளாஸ்டிக் கூடுதான் ஸ்லாப். லிஸ்டிங்ல "பிஎஸ்ஏ 9" அப்பிடின்னு போட்டிருக்கும், வந்த ஸ்லாப்லயும் 9தான் இருக்கும், ஆனா அதுகூட பிராக்கெட்டுக்குள்ள ஓ.சி. அப்பிடின்னு ரெண்டு எழுத்து இருக்கும். ஓ.சி.ன்னா ஆஃப் சென்டர். படம் கார்டுல நடுவுல அச்சாகாம ஒரு பக்கமா தள்ளிப் போயிருக்குதுன்னு அர்த்தம். இதுக்குப் பேரு குவாலிஃபயர். கறை இருந்தா எஸ்.டி., பேனாக் கோடு கீடு இருந்தா எம்.கே., அச்சுக் கோளாறுன்னா பி.டி., இப்பிடி இன்னும் சிலது உண்டு.

மொதல்ல, 9 ஓ.சி. ஏன் 9 கெடையாது

இது புரியலீன்னா லெட்டர்ல ஒரு வரி கூட உறுதியா எழுத முடியாது, அதனால கொஞ்சம் பொறுமையா பாக்கலாம்.

கிரேடிங் பண்றவங்க சென்டரிங், மூலை, ஓரம், மேல்பரப்பு எல்லாத்தையும் பாத்துத்தான் நம்பர் போடுவாங்க. ஒரு கார்டு மூலை, ஓரம், பளபளப்பு எல்லாத்துலயும் 9 தரத்துல இருக்குது, ஆனா சென்டரிங் மட்டும் 9க்கு உண்டான அளவுக்குள்ள வரல அப்பிடின்னா பிஎஸ்ஏல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, 9 போட்டு பக்கத்துல ஓ.சி. போட்டுருவாங்க. இன்னொண்ணு, அனுப்பினவரு "எனக்கு குவாலிஃபயர் வேண்டாம்" அப்பிடின்னு முன்னாடியே சொல்லியிருந்தா, அந்தக் குறையவும் சேத்துக் கணக்குப் பண்ணி கொறஞ்ச நம்பரா குடுத்துருவாங்க. அப்போ ஓ.சி. போட்ட 9ங்கறது "இந்த ஒரு குறைய ஒதுக்கி வெச்சுட்டுப் பாத்தா 9" அப்பிடிங்கறதுதான். அவங்களோட செட் ரெஜிஸ்ட்ரில, அதாவது முழு செட் சேக்கறவங்க தங்களோட கார்டுகள பதிஞ்சு வெக்கற எடத்துல, குவாலிஃபயர் இருக்கற கார்டுக்கு ரெண்டு பாயிண்ட் கொறச்சுத்தான் எடுத்துக்குவாங்க. 9 ஓ.சி. அங்க 7க்குச் சமம். கிரேடிங் பண்ணின கம்பெனியே அப்பிடித்தான் எண்ணுது, இதவிட பெரிய சாட்சி லெட்டருக்கு வேண்டியதில்ல.

ஈரோட்டு மஞ்சள் மண்டில விரலின்னு பேசி காசு குடுத்துட்டு, மூட்டையப் பிரிச்சா கிழங்கு இருந்தா யாராச்சும் "ரெண்டும் மஞ்சள்தானே" அப்பிடின்னு சும்மா இருப்பாங்களா? அதே கதைதான்.

இதே மாதிரி வேற வித்தியாசமும் வரும். லிஸ்டிங்ல 9, ஸ்லாப்ல 8 அப்பிடின்னா அது இன்னும் சுலபம், இதே லெட்டர்ல ரெண்டு வரி மாத்திக்கலாம். "10 கிரேடு" அப்பிடின்னு மட்டும் போட்டுட்டு யாருக்கும் தெரியாத கம்பெனி ஸ்லாப் வந்துச்சுன்னா, லிஸ்டிங்ல கம்பெனி பேரு இருந்துச்சாங்கறதுதான் கேள்வி. ஆனா ஸ்லாப் இல்லாத ரா கார்டு, செல்லரு "நியர் மிண்ட்", அதாவது கிட்டத்தட்ட புதுசு, அப்பிடின்னு சொன்னாரு, நீங்க வாங்கி கிரேடிங்குக்கு அனுப்பினீங்க, 6 வந்துச்சு, இப்ப காசு வேணும் அப்பிடின்னா, அது இந்த லெட்டர் இல்லீங்க. செல்லரு சொன்னது அவரோட கண்ணு மதிப்பு, எந்த கம்பெனி கிரேடும் இல்ல, நடுவுல கார்டு கை மாறி கொரியர்ல போய் வந்திருக்குது. அதுல ஜெயிக்கறது ரொம்ப கஷ்டம், மடிப்பு, கீறல் மாதிரி வந்த அன்னைக்கே போட்டோ எடுத்து வெச்ச குறை இருந்தா மட்டும் பேசிப் பாக்கலாம்.

பார்சல் வந்த அன்னைக்கு பண்ண வேண்டியது

பிரிக்கறதுக்கு முன்னாடியே வீடியோ ஓடட்டும். அட்ரஸ் லேபிள், கொரியர் டாக்கெட் நம்பர், ஒட்டின டேப் பிரியாம இருக்கறது, பிரிச்சு ஸ்லாப்ப வெளிய எடுக்கறது, லேபிள்ல அந்தக் கார்டுக்குன்னு பிஎஸ்ஏ குடுத்த சர்டிஃபிகேட் நம்பர், அதாவது சர்ட் நம்பர், தெளிவா தெரியறது, ஸ்லாப்போட நாலு ஓரமும், பின்பக்கமும், இத்தனையும் வெட்டாம ஒரே வீடியோல இருக்கோணும். நடுவுல போன் வந்து வீடியோ நின்னுருச்சுன்னா அதுக்கப்பறம் எடுக்கறதுக்கு அவ்வளவு மதிப்பு இல்ல, அதனால ஃப்ளைட் மோட்ல போட்டுக்கங்க.

அப்பறம் லேபிள்ல இருக்கற சர்ட் நம்பர psacard.com தளத்துல சர்ட் பாக்கற எடத்துல அடிச்சுப் பாருங்க. அங்க கார்டு பேரு, வருசம், கிரேடு எல்லாம் வரும், குவாலிஃபயர் இருந்தா அதுவும் வரும். அத ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கங்க. செல்லரு நாளைக்கு "நீங்க ஸ்லாப்ப மாத்திட்டீங்க" அப்பிடின்னு சொன்னா, அவரு லிஸ்டிங் போட்டோல இருக்கற சர்ட் நம்பரும் உங்க வீடியோல இருக்கற சர்ட் நம்பரும் ஒண்ணுதான்னு காட்டறதுக்கு இது வேணும். லிஸ்டிங் போட்டோல சர்ட் நம்பர் வெட்டிப் போயிருந்தா கார்டோட அச்சுப் புள்ளி, மின்னற ஹோலோ படத்து மேல இருக்கற கோடு, ஸ்லாப்புல இருக்கற கீறல் இப்பிடி ஏதாச்சும் ஒரு அடையாளம் ரெண்டு போட்டோலயும் பொருந்துதான்னு தேடி வெச்சுக்கங்க.

அதே நாள்ல, செல்லருக்கு ஒரு வார்த்தை கூட அனுப்பறதுக்கு முன்னாடி, லிஸ்டிங்க சேமிச்சுக்கங்க. வரிசை முக்கியம். நீங்க கேட்ட அடுத்த நிமிசம் லிஸ்டிங் காணாமப் போகும், இல்லாட்டி யாரோ எடிட் பண்ணி ஓ.சி. சேத்திருப்பாங்க. தலைப்பு, விவரம், வெல, எல்லா போட்டோவும், தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட். வாட்ஸ்அப்ல பேசி வாங்கினதுன்னா சாட்ட எக்ஸ்போர்ட் பண்ணி மெயிலுக்கு அனுப்பிக்கங்க, ஏன்னா அவரு அனுப்பினத அவரே அழிக்க முடியும். ஸ்டேட்டஸ்ல போட்டு வித்தாருன்னா அது 24 மணி நேரத்துல போயிரும், அதுக்கப்பறம் உங்ககிட்ட இருக்கறது நீங்க அதுக்கு ரிப்ளை பண்ணினப்ப மேல வர்ற சின்னப் படம் மட்டுந்தான், அதையாச்சும் எடுத்து வெய்ங்க. யுபிஐல காசு போட்டிருந்தா அந்த 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பர் வர்ற ரசீதும் வேணும்.

இப்ப ஒண்ணு பண்ணக் கூடாது, இத தடிச்ச எழுத்துல சொன்னாலும் தகும்: ஸ்லாப்ப ஒடைக்காதீங்க, ரீகிரேடுக்கு அனுப்பாதீங்க, "சரி வித்துப் பாக்கலாம்"னு குரூப்ல போடாதீங்க.

காரணம் வெறும் மரியாதை இல்ல, சட்டமே அப்பிடித்தான் இருக்குது. 1930ஆம் வருச சரக்கு விற்பனைச் சட்டத்துல 15ஆவது பிரிவு, விவரம் சொல்லி வித்தா பொருள் அந்த விவரத்துக்கு ஒத்து இருக்கோணும்னு சொல்லுது. பொருந்தலீன்னா நீங்க அத மறுத்துத் திருப்பலாம். ஆனா 42ஆவது பிரிவுப்படி, நீங்க பொருள ஏத்துக்கிட்டேன்னு சொன்னாலோ, அது உங்களுதுங்கற மாதிரி ஏதாச்சும் செஞ்சாலோ, மறுக்கறேன்னு சொல்லாம நியாயமான காலம் தாண்டி வெச்சுக்கிட்டே இருந்தாலோ, ஏத்துக்கிட்டதாத்தான் கணக்கு. ஏத்துக்கிட்டீங்கன்னா முழுக் காச திருப்பிக் கேக்கற உரிமை போயிரும், வித்தியாசத்துக்கு நஷ்ட ஈடு மட்டுந்தான் கேக்கலாம். "நியாயமான காலம்"ன்னா எத்தன நாளுன்னு சட்டத்துல நம்பர் இல்ல, அதனால வந்த மறுநாளே லெட்டர் போயிரோணும். ஒரு வாரம் யோசிக்கறதுக்கு இதுல ஒண்ணுமில்ல.

முழுக் காசா, வித்தியாசமா? லெட்டருக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க

கார்டு உங்களுக்கு எப்பிடியும் வேணும், வெல கொறஞ்சா போதும் அப்பிடின்னா வித்தியாசம் கேளுங்க. கார்டே வேண்டாம்னா முழுசா கேளுங்க. ரெண்டையும் ஒரே லெட்டர்ல "ஒண்ணு இது, இல்லாட்டி அது" அப்பிடின்னு எழுதினா செல்லரு சின்னத் தொகையத்தான் புடிச்சுக்குவாரு, அதுவும் அதுல பாதிக்குப் பேரம் பேசுவாரு. அதுபோக வித்தியாசம் கேட்டாலே நீங்க கார்ட வெச்சுக்கறதா ஆயிரும், அப்பறம் திரும்பி முழுக் காசு கேக்கறது முரணா நிக்கும். என்னோட அபிப்பிராயம், ஓ.சி. கேஸ்ல முழு ரீஃபண்டுதான் நல்லது. ஓ.சி. கார்டுக்கு வாங்கற ஆளு கம்மி, "இதோட சரியான வெல என்ன"ங்கறதுக்கு ரெண்டு பேரும் ஒத்துக்கற கணக்கு கெடைக்கவே கெடைக்காது, வித்தியாசத் தொகைய வெச்சே ஒரு மாசம் ஓடிரும்.

ஒரு கேஸ், அதோட முழு லெட்டர்

பெருந்துறைப் பக்கம் ஒரு தம்பி, 1999 போக்கிமான் பேஸ் செட்டு பிளாஸ்டாய்ஸ் ஹோலோ, 2/102 நம்பர் கார்டு, வாங்கினான்னு வெச்சுக்கலாம். செல்லரு கோயமுத்தூரு, வாட்ஸ்அப் குரூப்ல விக்கறவரு, கார்டு விக்கறதையே தொழிலாப் பண்றவரு. லிஸ்டிங்ல "பிஎஸ்ஏ 9 மிண்ட், கிளீன் ஸ்லாப்" அப்பிடின்னு இருந்துச்சு, போட்டோல லேபிளோட மேல் பாதி லைட் அடிச்சு வெள்ளையா இருந்துச்சு. வெல 26,000 ரூபா, கொரியர் 200. மார்ச் 5 காசு போட்டான், 9ஆம் தேதி பார்சல் வந்துச்சு, பிரிச்சா 9 ஓ.சி. இந்த லெட்டர் 10ஆம் தேதி போகுது.

> அனுப்புநர்: (பேரு, முழு முகவரி, போன்)
> பெறுநர்: (செல்லர் பேரு, முகவரி)
> தேதி: 10.03.2025
>
> பொருள்: பிளாஸ்டாய்ஸ் 2/102 கார்டு – லிஸ்டிங்ல சொன்ன கிரேடும் வந்த கிரேடும் வேறயா இருக்கறதால கார்ட மறுத்து, 26,200 ரூபா திருப்பிக் கேக்கறது.
>
> அண்ணா வணக்கம்ங்க.
>
> 03.03.2025 அன்னைக்கு நீங்க குரூப்ல போட்ட 1999 போக்கிமான் பேஸ் செட் பிளாஸ்டாய்ஸ் (2/102) கார்ட, "பிஎஸ்ஏ 9 மிண்ட், கிளீன் ஸ்லாப்" அப்பிடிங்கற விவரத்த நம்பி 05.03.2025 அன்னைக்கு யுபிஐ மூலமா 26,200 ரூபா (கார்டு 26,000, கொரியர் 200) அனுப்பி வாங்கினேன். ரெஃபரன்ஸ் நம்பர்: (12 இலக்கம்).
>
> கார்டு 09.03.2025 அன்னைக்கு கெடச்சுது. லேபிள்ல இருக்கற கிரேடு 9 இல்லீங்க, 9 ஓ.சி. சர்ட் நம்பர் (எண்) பிஎஸ்ஏ தளத்துல போட்டுப் பாத்தாலும் ஓ.சி. குவாலிஃபயரோடதான் வருது. லிஸ்டிங்லயோ நம்ம சாட்லயோ ஓ.சி.ங்கறது எங்கயும் சொல்லல. லிஸ்டிங் போட்டோல லேபிளோட அந்தப் பகுதி வெளிச்சத்துல மறஞ்சிருக்குது. குவாலிஃபயர் இருக்கற கார்டுக்கு பிஎஸ்ஏ செட் ரெஜிஸ்ட்ரில ரெண்டு பாயிண்ட் கொறச்சுத்தான் எடுக்கறாங்கங்கறது உங்களுக்கும் தெரியும்.
>
> விவரம் பொருந்தாததால இந்தக் கார்ட நான் ஏத்துக்கல, மறுக்கறேன். ஸ்லாப் வந்த நெலமையிலயே, தொடாம, பத்திரமா வெச்சிருக்கேன். நீங்க சொல்ற எடத்துல சொல்ற நாள்ல திருப்பித் தர்றதுக்குத் தயாரா இருக்கேன்.
>
> 26,200 ரூபாய 17.03.2025க்குள்ள நான் காசு அனுப்பின அதே யுபிஐ கணக்குக்கே திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கறேன். திருப்பி அனுப்பற இன்சூர்டு கொரியர் செலவு உங்களுது. நேர்ல வாங்கிக்கறதுன்னாலும் சரிங்க, கோயமுத்தூருக்கு நானே கொண்டு வர்றேன், கார்டும் காசும் ஒரே நேரத்துல கை மாத்திக்கலாம்.
>
> லிஸ்டிங், சாட், யுபிஐ ரசீது, லேபிள் போட்டோ, சர்ட் பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட் இணைச்சிருக்கேன். பார்சல் பிரிச்ச வீடியோ முழுசா இருக்குது, கேட்டா அனுப்பறேன்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து)

இந்த லெட்டர வாட்ஸ்அப்ல பிடிஎஃப்பா அனுப்புங்க, மெயில் இருந்தா மெயில்லயும், கூடவே ஸ்பீடு போஸ்ட்லயும் ஒரு காப்பி போடுங்க. ப்ளூ டிக்க ஆஃப் பண்ணி வெச்சவங்க "நான் பாக்கவே இல்லீங்களே"ம்பாங்க, ஸ்பீடு போஸ்ட்டுக்கு டிராக்கிங் இருக்குது, அத மறுக்க முடியாது.

ஏன் இந்த வரிகள், ஏன் சில வரி இல்ல

"ஏத்துக்கல, மறுக்கறேன்" அப்பிடிங்கற வரிதான் லெட்டரோட உயிர். மத்த எடத்துல எவ்வளவு பணிவா வேணா எழுதிக்கங்க, இங்க வளைய வேண்டாம். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" அப்பிடின்னு முடிச்சா அது மறுப்பு இல்ல, வெறும் வருத்தம். "தொடாம வெச்சிருக்கேன்" அப்பிடிங்கறதும் அதுக்குத் தொணையா வர்ற வரிதான். அதே சட்டத்துல 43ஆவது பிரிவுல இன்னொரு வசதி இருக்குது, ஏத்துக்காத பொருள வாங்கினவரே திருப்பி அனுப்பியாகோணும்னு கட்டாயம் இல்ல, வேற விதமா பேசிக்காத வரைக்கும் மறுக்கறேன்னு தெரிவிச்சாப் போதும். அதனால "மொதல்ல கார்ட அனுப்புங்க, அப்பறம் காசு பாக்கலாம்" அப்பிடிங்கறதுக்கு நீங்க தலையாட்ட வேண்டிய அவசியம் இல்ல, ஆனா நடைமுறைக்கு நேர்ல மாத்திக்கறதோ, இல்லாட்டி ரெண்டு பேருக்கும் பழக்கமான ஒருத்தரு கைல கார்ட குடுத்து வெக்கறதோ நல்லது. பெருந்துறைல இருந்து கோயமுத்தூரு பஸ்ல போயிட்டு வந்தா அரை நாள்ல முடியற வேல, 26,000த்துக்கு அது பெருசில்ல.

சென்டரிங் எத்தன மில்லிமீட்டர் தள்ளியிருக்குதுன்னு அளந்து எழுதறவங்க இருக்காங்க. இடது ஓரம் 5 மி.மீ., வலது ஓரம் 2 மி.மீ., அப்போ 71க்கு 29 அப்பிடின்னு கணக்கெல்லாம் போடுவாங்க. உங்க திருப்திக்கு அளந்து பாருங்க, லெட்டர்ல வேண்டாம். நீங்க அளவு சொன்னா அவரும் ஒரு ஸ்கேல் எடுத்துட்டு வருவாரு, லேபிள்லயே அச்சடிச்சு இருக்கற விசயத்த நீங்களே வாதமா மாத்தினதா ஆயிரும்.

"ஏமாத்திட்டீங்க", "மோசடி" அப்பிடிங்கற வார்த்தையும் இல்ல, கவனிச்சீங்களா? மோசடின்னா வேணும்னே செஞ்சாருன்னு நீங்க நிரூபிக்கோணும். அவரும் இன்னொருத்தருகிட்ட பாக்காம வாங்கி அப்பிடியே வித்திருக்கலாம். விவரம் பொருந்தலங்கறதுக்கு அவரு மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரிய வேண்டியதில்ல, பொருந்தலங்கறது போதும். அதே மாதிரி "குரூப்ல போட்டு நாறடிச்சுருவேன்", "போலீஸ்ல சொல்லிருவேன்" இதெல்லாம் எழுதினா, உங்க லெட்டர அப்பிடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவரு குரூப்ல போட்டு நியாயம் கேப்பாரு, பேச்சு திசை திரும்பிரும்.

அவரு என்ன பதில் சொல்லுவாரு

"போட்டோல பாத்துட்டுத்தானே வாங்கினீங்க" அப்பிடிங்கறது முதல் பதில். இதுல நேர்மையா ஒண்ணு சொல்லோணும், லிஸ்டிங் போட்டோல ஓ.சி. தெளிவா படிக்கற மாதிரி இருந்துச்சுன்னா அவரு பக்கமும் பாயிண்ட் இருக்குது, உங்க கேஸ் பாதி எளச்சுப் போகும். அப்ப முழுக் காசு கெடைக்கறது அவரோட நல்ல மனசப் பொறுத்தது, அதுக்குத் தகுந்த மாதிரி குரல எறக்கி எழுதுங்க. லேபிள் மங்கலா, வெட்டியோ, வெளிச்சத்துல மறஞ்சோ இருந்துச்சுன்னா பதில் ஒரே வரி: "விவரத்துல 9ன்னு எழுதியிருக்கீங்க, போட்டோல ஓ.சி. படிக்க முடியல, அந்தப் போட்டோவையும் இணைச்சிருக்கேன்".

"9தான போட்டிருந்தேன், 9தான வந்துச்சு" அப்பிடின்னா, செட் ரெஜிஸ்ட்ரி கணக்க திரும்பச் சொல்லுங்க, அதுக்கு மேல தர்க்கம் பண்ண வேண்டாம்.

"நோ ரிட்டர்ன்னு போட்டிருக்கேன்" அப்பிடிங்கறது அடுத்தது. அந்த வரி வாங்கினவரு மனசு மாறினா திருப்ப முடியாதுன்னு சொல்றதுக்குத்தான், சொன்ன பொருளே வராததுக்கு அத புடிச்சுக்க முடியாதுங்கறதுதான் நீங்க எடுக்க வேண்டிய நெல. இத எழுதறப்ப நீங்க வாங்கினது 9, வந்தது 9 ஓ.சி., அதனால இது ரிட்டர்ன் இல்ல, ஒப்புக்கிட்ட பொருள் வந்து சேரவே இல்ல அப்பிடின்னு எழுதுங்க.

"3,000 தர்றேன், முடிச்சுக்கலாம் தம்பி" அப்பிடின்னு போன் பண்ணினா போன்ல ஒத்துக்காதீங்க. "சரிங்ணா, எழுதி அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்" அப்பிடின்னு மட்டும். போன வெச்ச உடனே "இன்னைக்கு சாயங்காலம் போன்ல நீங்க இப்பிடிச் சொன்னீங்க, நான் இன்னும் ஒத்துக்கல" அப்பிடின்னு சாட்ல ஒரு வரி போட்டு வெய்ங்க.

ஒத்துக்கிட்டு காசு அனுப்பறேன்னு சொன்னாருன்னா கார்ட பேக் பண்றப்பவும் மறுபடி வீடியோ, சர்ட் நம்பர் தெரியற மாதிரி, ஒட்டறது வரைக்கும். இன்சூரன்ஸ் போட்டுத்தான் அனுப்போணும். ஸ்லாப் சுத்தி பபிள் ரேப், ரெண்டு பக்கமும் அட்டை, டேப் ஸ்லாப் மேல நேரா ஒட்டக் கூடாது, வழில ஸ்லாப்புல விரிசல் விழுந்துச்சுன்னா அப்பறம் அது புதுச் சண்டை.

17ஆம் தேதி தாண்டியும் பதில் இல்லீன்னா

ரெண்டாவது லெட்டர் சின்னது. முதல் லெட்டர் தேதி, ஸ்பீடு போஸ்ட் டெலிவரி தேதி, பதில் வரல, இன்னும் 7 நாள், அதுக்குள்ள வரலீன்னா நுகர்வோர் ஆணையத்துல புகார் குடுப்பேன். அவ்வளவுதான், வசனம் ஒண்ணும் வேண்டாம்.

செல்லரு கார்டு விக்கறதையே வியாபாரமா பண்றவரு, நீங்க வாங்கினது உங்க கலெக்‌ஷனுக்கு, திருப்பி விக்கறதுக்கு இல்ல அப்பிடின்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். மொதல்ல 1915க்குப் போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதியலாம், காசு செலவில்ல, அங்க இருந்து செல்லருக்குத் தகவல் போகும், சில பேரு அதுக்கே எறங்கி வந்துருவாங்க. அதுலயும் ஆகலீன்னா e-jagriti.gov.in தளத்துல மாவட்ட ஆணையத்துக்குப் புகார். நல்ல விசயம், செல்லரு ஊருல போயித்தான் குடுக்கோணும்னு இல்ல, நீங்க குடியிருக்கற எல்லைல இருக்கற ஆணையத்துலயே குடுக்கலாம், பெருந்துறைத் தம்பிக்கு ஈரோடு போதும். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, பிரச்சனை வந்ததுல இருந்து 2 வருசத்துக்குள்ள குடுக்கோணும். அங்க இணைக்கறதெல்லாம் மேல சேத்து வெச்ச அதே ஃபைல்தான்.

வெளிநாட்டு தளத்துல வாங்கினதுன்னா மொதல்ல அந்தத் தளத்தோட கெடுவப் பாருங்க. ஈபேல டெலிவரி ஆன 30 நாளுக்குள்ள "நாட் ஆஸ் டிஸ்கிரைப்ட்" அப்பிடின்னு போடோணும், பேபால்ல காசு கட்டின 180 நாளுக்குள்ள டிஸ்பியூட் எழுப்போணும், ஆனா ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலின்னு காசு அனுப்பியிருந்தா அந்தப் பாதுகாப்பு கெடையாது. செல்லரோட தனியா பேசிக்கிட்டே இருந்து இந்த நாளத் தாண்ட விட்டுராதீங்க, லெட்டர் அந்தப் பக்கம் போகட்டும், தளத்துல கேஸ் இந்தப் பக்கம் ஓடட்டும்.

செல்லரு வியாபாரி இல்ல, தன்னோட பழைய கலெக்‌ஷன்ல இருந்து ஒரே ஒரு கார்ட வித்த ஆளுன்னா நுகர்வோர் ஆணையம் ஒத்து வராது. சரக்கு விற்பனைச் சட்டம் பொருந்தும், ஆனா அதுக்கு சிவில் கோர்ட்டுக்குப் போகோணும், 26,000 ரூபாக்கு வக்கீல் செலவும் நாளும் கட்டுபடியாகாது. அந்த மாதிரி ஆளுகிட்ட ரெண்டாவது லெட்டர்ல ஆணையத்தப் பத்தி எழுதாதீங்க, அது வெத்து மெரட்டலா போயிரும். அதுக்குப் பதிலா ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச, குரூப்ல மதிக்கற பெரியவரு ஒருத்தருகிட்ட லெட்டரையும் ஃபைலையும் குடுத்து, ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசச் சொல்லுங்க, அப்ப வேணா வித்தியாசத் தொகைக்கு எறங்கி வரலாம், அதையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கங்க.